இடத்துக்கு முப்பது புள்ளி

ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், மூன்று வேலை வந்து கையில் விழுந்தால் எந்த வீட்டிலும் சந்தோசப்படுவார்கள். எங்கள் வீட்டில் சண்டை பிடித்தார்கள்.

நான் ஸம்றா. ஊர் மருதமுனை. மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை. அதாவது உங்கள் இரத்தத்தை எடுத்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிற ஆள். ஊரிலேயே ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாகச் சீனி, கொழுப்பு, மறுபடியும் சீனி என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கண்ட இடமெல்லாம் விண்ணப்பம் போட்டேன். கல்முனையில் ஒரு பெரிய ஆய்வுகூடம், மட்டக்களப்பில் ஒரு தனியார் வைத்தியசாலை, திருகோணமலையில் புதிதாகத் திறக்கப்போகிற இன்னொரு வைத்தியசாலை, மூன்றும் வரச் சொல்லிவிட்டன. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஊட்டுல இரிந்து எத்தின கட்ட?" என்று மைல் கணக்குக் கேட்டா உம்மா.

"எல்லாம் போகக் கையில எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டார் வாப்பா.

அங்கே போய் என்ன படிப்பாய் என்று ஒரு மனிதரும் கேட்கவில்லை. திருகோணமலையில் கிருமி வளர்த்துப் பார்க்கிற பிரிவை அடியில் இருந்து தொடங்குகிறார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும், எந்த மருந்துக்கு அசையாது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஒரு விசேட வைத்தியர் பக்கத்தில் இருந்து இரண்டு வருடம் பழக்குவார். கெம்பஸில் படித்த காலத்திலிருந்து நான் கேட்டு துஆச் செய்த வேலை அது. சொன்னேன். உம்மா அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பினா.

"விசரா புள்ள உனக்கு? கொத்துக் கொத்தாக் கல்லு வெச்சு உனக்கு ஊடு கட்டிரிக்கி. நீ ஊர விட்டுப் போகப் போறியா?"

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். அந்த வீட்டுக்காக என் வாப்பா காலிதீன் பதினேழு வருடம் அரபு நாட்டில், கட்டாரில் கிடந்தார். எனக்கு நிக்காஹ் எழுதி முடிந்துவிட்டது, சேர்ந்து குடியிருப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளை முர்ஷித், நிந்தவூர் ஆள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன் வைக்கிற குளிர் அறைகளின் மெஷின் திருத்துகிறார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து அந்த வீட்டுக்குக் குடிவருவார். பிறகு ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை லீவில் வந்து போவார். ஆம்பிளைகள் கொழும்பில் இருந்தாலும் கட்டாரில் இருந்தாலும் இங்கே அப்படித்தான். அதில் பேச ஒன்றும் இல்லை என்று எல்லாரும் நினைத்தோம், நானும் நினைத்தேன்.

கோபத்தோடு மடிக்கணினிப் பையை முதுகில் மாட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் பாண்டிருப்புக்குப் போனேன். அங்கே கஜேந்தினி இருக்கிறாள். கெம்பஸில் என்னோடு ஒரே மேசையில் இருந்தவள், இப்போது அரச வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறாள். நான் பேசி முடிக்கும்வரை மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். உப்பும் தூளும் போட்டு முன்னால் வைத்தாள்.

"கத்துறது முடிஞ்சா?"

"முடிஞ்ச."

"அப்ப மடிக்கணினியத் திற. உம்மா தூரத்தப் பாக்கிறா, வாப்பா காசப் பாக்கிறார், நீ படிப்பப் பாக்கிறாய். மூண்டு பேரும் மூண்டு தராசு. புள்ளி போட்டு ஒரு தராசு செய்வம்."

"புள்ளி போட்டா வேலை எடுக்கிற?"

"புள்ளி உனக்காக முடிவு எடுக்காது. நீ எதுக்கு எவ்வளவு குடுக்கிறாய் எண்டு உன்ட வாயாலயே சொல்ல வைக்கும். அதுக்குத்தான்."

ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அளவுக்குள் வந்தால் முடிவு சரி என்பதை மெஷினை ஓட்டுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு அளவை எழுதுகிறவன் கள்ளன். அதனால் வேலைகளின் பெயரை எழுத முன்னம் தராசை எழுதினோம். முதலில் விட்டுக்கொடுக்க முடியாதவை: வருடம் முழுக்க வேலை இருக்க வேண்டும், இரவு முறை வந்தால் வாகனம் அவர்கள் தர வேண்டும். இதற்குப் புள்ளி கிடையாது. இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. போன மாதம் அறுகம்பேயில் ஒரு கிளினிக்கும் என்னைக் கேட்டிருந்தது. வெள்ளைக்காரர் அலையில் சறுக்குகிற பருவத்துக்கு மட்டும் அங்கே வேலை. அது வாசலிலேயே விழுந்தது.

பிறகு நிறை. மொத்தம் நூறைப் பிரிக்க வேண்டும்.

"படிப்புக்கு அறுவது," என்றேன்.

"அப்ப சம்பளம் ஒரு சதமும் கூடாட்டியும் போவியா?"

யோசித்தேன். போகமாட்டேன். கடைசியில் படிப்புக்கு நாற்பது, சம்பளத்துக்கு முப்பது, இடத்துக்கு முப்பது. ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி, அதை நிறையால் பெருக்கிக் கூட்டுவது. ஐந்து என்றால் என்ன, மூன்று என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன என்று வசனமாக எழுத வைத்தாள். சம்பளம் என்பது வாடகையும் பஸ்ஸும் போக மிஞ்சுவது. படிப்பில் ஐந்து என்றால் புதுப் பிரிவு, பக்கத்தில் இருந்து பழக்க ஒரு ஆள். ஒன்று என்றால் பட்டனை அமத்துகிற வேலை. இடத்தில் ஐந்து என்றால் வீட்டிலிருந்து அரை மணிக்குள். மூன்று என்றால் தினமும் போய்வரலாம், ஆனால் களைப்பு. ஒன்று என்றால் வீட்டை விட்டுத் தங்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல் புள்ளி போட்டோம். மட்டக்களப்பின் படிப்புக்கு நான் நாலு, அவள் இரண்டு. அங்கே பிரிவு பிரிவாக மாற்றி விடுவார்கள், ஆனால் பழக்க ஆள் இல்லை. அதை மூன்றுக்கு நேரே வசனமாக எழுதிச் சேர்த்தோம், இருவரும் மூன்றில் நின்றோம். தராசு வேலை செய்கிறதா என்று பார்க்க, நான் இப்போது செய்கிற வேலையையும் அதில் ஏற்றினோம். ஐந்நூற்றில் இருநூற்றைம்பது வந்தது. பாதிதான். அந்த வேலை போதாது என்பது எனக்கு ஏற்கனவே தெரியும், ஆகவே தராசு பொய் சொல்லவில்லை என்று இருவரும் மாங்காயைக் கடித்தோம்.

பிறகு மூன்றையும் ஏற்றினோம்.

கல்முனை: சம்பளம் நாலு, படிப்பு இரண்டு, இடம் ஐந்து. முந்நூற்றைம்பது. மட்டக்களப்பு: நாலு, மூன்று, மூன்று. முந்நூற்று முப்பது. திருகோணமலை: மூன்று, ஐந்து, ஒன்று. முந்நூற்று இருபது.

கடைசி! நான் ஆசைப்பட்டது கடைசி.

"படிப்புக்கு அம்பது போடுவம்," என்றேன்.

கஜேந்தினி மடிக்கணினியைப் படார் என்று மூடினாள். "தொட்டியோ, கைய முறிப்பன். விடை தெரிஞ்ச பிறகு கேள்விய மாத்துற பிள்ளையா நீ?"

"நீ ஆரு புள்ள எனக்கு, பொலிஸா?"

"ஓம், பொலிஸ்தான். போ, போய் மாப்பிள்ளைக்கும் அனுப்பிப் பாரு. அவரும் ஒரு மனிசன்தானே."

அவள் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் எனக்குக் கூடுதல் கோபம். அவளுடைய மாங்காயில் மிச்சத்தையும் தின்றுவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அந்தப் புள்ளிக் கணக்கைத் திரையில் படம் எடுத்து முர்ஷிதுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "நல்லம். கல்முனை கிட்டத்தானே."

நல்லமாம்! அவர் இருக்கிற ஊர் கடைசியில் கிடக்கிறது, மனிதருக்கு நல்லமாம். உடனே அழைத்தேன். பின்னால் மெஷின் இரைந்தது, யாரோ மீன் பெட்டி இழுத்தார்கள்.

"என்ன நல்லம்? நான் அங்க வராட்டி உங்களுக்கு நல்லமா?"

"அப்பிடி இல்ல ஸம்றா. புள்ளி வந்திரிக்கி, நான் என்னத்தச் சொல்ற?"

"உங்களுக்கு ஒரு விருப்பம் இல்லயா? மரக்கட்டையா நீங்க?"

அவர் வெளியே வந்திருக்க வேண்டும், மெஷின் சத்தம் குறைந்தது.

"விருப்பம் இரிக்கி. ஆனா ஊட்ட விட்டுப்போட்டு என்னோட வந்து இரிங்க எண்டு ஒரு ஆம்பிள கேக்கலாமா? உங்கட வாப்பாக்கு முன்னால நான் எந்த முகத்தோட நிக்கிற? நீங்க உங்கட ஊட்டுல இரிந்துதானே தூரம் அளந்திரிக்கீங்க. அதுல நான் எங்கயும் இல்ல. அதான் நல்லம் எண்டன்."

மடிக்கணினியைத் திறந்து முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன். அவர் எங்கேயும் இல்லைதான்.

நான் நிக்காஹ் முடிந்த பெண். வேலை எடுப்பது எந்த வாழ்க்கைக்கு என்று யோசித்து, நூறு புள்ளியைப் பிரித்து, அதில் புருஷனை எங்கேயும் எழுதவில்லை. அவர் திருகோணமலையில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வீடு அசையாது, மாப்பிள்ளை வந்து போவார் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததில், தூரம் என்றதும் என் கை தானாக வீட்டிலிருந்து அளந்துவிட்டது. கஜேந்தினியும் பிடிக்கவில்லை. அவள் சாதிசனத்திலும் வீடு பெண்ணுக்குத்தான். எங்கள் பக்கத்துப் பெண்களைத் தவிர உலகத்தில் வேறு எவளும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே பாண்டிருப்புக்குப் போனேன். அவருக்கும் ஒரு வரி போட வேண்டும் என்று சொன்னதும் கஜேந்தினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"இஞ்ச பாரு, நேற்று நீ திருகோணமலைய மேல கொண்டுவர நிறைய மாத்தப் பாத்தாய். இண்டைக்கு வேற வழியால வாறாய். இது களவா, உண்மையான பிழையா?"

"சோதிச்சுப் பாரு," என்றேன். "ஒரு ஆள்ர முடிவு ஆளுக்குப் பொருந்தாட்டி நாம என்ன செய்யிற? முடிவத் திருத்துறமா? இல்ல. ரெத்தப் போத்தல்ல ஆர்ர பேர் இரிக்கி எண்டு பாக்கிறம். நாம அளந்தது என்ட ரெத்தம் இல்ல புள்ள. என்ட உம்மாட ரெத்தம். அவ ஊட்டுல இருந்தா, வாப்பா தூரத்துல இருந்தார். அந்த வாழ்க்கைக்குப் புள்ளி போட்டிரிக்கம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஒரு கேள்வி. நாளைக்கே அவரக் கல்முனைக்கு மாத்தினா? இதே புது வரிய வெச்சுக்கொள்ளுவியா?"

"வெச்சுக்கொள்ளுவன். அப்ப கல்முனைக்கு ஐந்து, திருகோணமலைக்கு ஒண்டு. வாயப் பொத்திக்கொண்டு கல்முனைக்குப் போவன்."

"அப்ப அது களவில்ல," என்று மடிக்கணினியைத் திறந்தாள். "ஆனா நூறு நூறுதான். படிப்புலயும் சம்பளத்துலயும் கை வைக்கப்படாது. இடத்துக்கு இரிக்கிற முப்பதைத்தான் பிரிக்கலாம்."

முப்பதை இரண்டாகப் பிரித்தோம். உம்மா வாப்பாவுக்குக் கிட்ட இருப்பதற்குப் பதினைந்து. அதில் பழைய புள்ளிகளே: கல்முனை ஐந்து, மட்டக்களப்பு மூன்று, திருகோணமலை ஒன்று. மற்றப் பதினைந்து நானும் முர்ஷிதும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இரவுகளுக்கு. ஐந்து என்றால் எல்லா இரவும். மூன்று என்றால் கிழமைக்கு ஒருதரம். இரண்டு என்றால் ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. ஒன்று என்றால் மாதத்துக்கு ஒருதரம். இதை எழுதும்போது கஜேந்தினி என்னைப் பார்த்துக் கண் அடித்தாள், நான் அவளுடைய தொடையில் கிள்ளினேன். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இரண்டு. திருகோணமலைக்கு ஐந்து. அவருடன் ஒரே வீட்டில் இருந்தால் வாடகை பாதியாகும், சம்பளத்தை நாலாக்கலாம் என்று ஆசை வந்தது. இப்போது அவர் பொடியன்களோடு ஒரு அறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறார், தனி வீட்டு வாடகை என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே மூன்றிலேயே விட்டேன்.

கல்முனை முந்நூற்று ஐந்து. மட்டக்களப்பு முந்நூற்றுப் பதினைந்து. திருகோணமலை முந்நூற்று எண்பது.

நான் கத்தப்போனேன். அவள் கையால் நிறுத்தினாள். "பொறு. பாதி பாதியாப் பிரிச்சதால வந்த வெற்றியா எண்டு பாப்பம். உம்மாக்கு இருவத்தஞ்சு, மாப்பிள்ளைக்கு வெறும் ஐந்து போடுறன்."

"ஐந்தா? பாவம் மனிசன்."

"கல்முனை முந்நூற்று முப்பத்தஞ்சு, மட்டக்களப்பு முந்நூற்று இருவத்தஞ்சு, உன்ட ஆள்ர ஊர் முந்நூற்று நாப்பது. ஐந்து புள்ளி மாப்பிள்ளையா இருந்தும் வெல்லுறார்டி!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் சிரிப்பு போய்விட்டது. தராசு சரி. நானும் கள்ளத்தனம் செய்யவில்லை. ஆனால் உம்மாவிடம் இதை யார் சொல்வது? அழுதால் என்ன செய்வது? அழட்டும், சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

வாப்பா பள்ளியில் பின்னேர அஸர் தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். உம்மா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. மடிக்கணினியை நடுவில் வைத்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"நான் திருகோணமலைக்குப் போறன். ஏன் எண்டு காட்டுறன். பாத்துப்போட்டு ஏசுங்க."

ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். வாப்பா சம்பள வரியில் நின்றார். "மிஞ்சுறது கல்முனையவிடக் குறைவுதானே?"

"ஓம், குறைவு. நாலுக்கு மூண்டு. அதையும் போட்டுத்தான் கூட்டிரிக்கி."

"மறுகா அந்த ஊடு?" என்றா உம்மா. கத்தியைக் கீழே வைக்கவில்லை. "வாப்பா கல்லு மண்ணு சுமந்து அனுப்பின காசு. பூட்டி வைக்கவா கட்டின? சனம் என்ன சொல்லும்? காலிதீன்ட மகள மாப்பிள்ள இழுத்துக்கொண்டு போயிட்டான் எண்டு சொல்லும்."

"சனத்துக்கு இதுல ஒரு வரி இல்ல உம்மா. உங்களுக்கு இரிக்கி. பதினஞ்சு இரிக்கி. அதுல திருகோணமலைக்கு ஒண்டுதான் போட்டிரிக்கன், பொய் சொல்லல்ல. உங்கள விட்டுப் போறது எனக்கு நோகும். நோகுது. ஆனா மத்த வரியப் பாருங்க."

"அது என்ன வரி?"

"நானும் அவரும் ஒரே ஊட்டுல இரிக்கிற ராவு."

வாப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். எனக்கும் முகம் சுட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. ஐந்து என்றால் என்ன, மூன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன, ஒன்று மாதத்துக்கு ஒருதரம் என்று வாசித்தேன்.

உம்மா எழும்பி வந்தா. மீன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாதவபோல் திரைக்குக் கிட்டக் குனிந்து அந்த வரியையே பார்த்தா.

"ஒண்டுக்குக் கீழ என்ன இரிக்கி?"

"ஒண்டுமில்ல உம்மா. ஒண்டுதான் அடி."

"ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எண்டா?"

எனக்கு வாப்பா என்றால் சிறுவயதில் சொக்லட் பெட்டியும் டெலிபோனும்தான். உம்மாவுக்கு என்னவாக இருந்தார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"பதினேழு வருசம்," என்றா உம்மா. "இவர் வந்து போன ராவு எல்லாத்தையும் கூட்டினாலும் ஒரு வருசம் வராது. அதுக்குப் போட இதுல இடமில்ல."

"நான் என்ன, விரும்பியா இருந்தன்?" என்றார் வாப்பா. குரல் உடைந்திருந்தது. "ஊடு கட்டணும் எண்டுதானே போன."

"நான் குத்தமா சொல்லல்ல. இல்லாத புள்ளிய இல்ல எண்டு சொல்றன்." உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தா. பிறகு என்னைப் பார்த்தா. எனக்கு ஏசுகிறபோது வருகிற அதே முகம், அதே குரல். "இன்னும் என்னத்துக்குக் குந்திக்கொண்டு இரிக்காய்? அந்த ஆஸ்பத்திரிக்கு வாறன் எண்டு சொல்லு. மறுகா மருமகனுக்குக் கோல் எடு. ஊடு பாக்கச் சொல்லு. ரெண்டு அறை இரிக்கோணும்."

"ரெண்டு என்னத்துக்கு உம்மா?"

"நானும் இவரும் மாசத்துல பத்து நாள் வந்து நிப்பம். உம்மாட வரியில ஒண்டு போட்டிரிக்காய் எண்டாயே. அத மூண்டாக்கு."